ஒரு பெயர், ஒரு இனிஷியல்: Surname கட்டத்தில் என்ன போடுவது? (கேள்வி பதில்)

திருப்பூரில் பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது என் தொழில். பனியன் கம்பெனிக்காரர்கள், வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள், துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் அப்பாருகள் என்று யார் வந்தாலும் பெயர்க் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். அதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள் இவை.

செந்தில்குமார், காங்கேயம்: அண்ணா, சர்டிபிகேட், ஆதார் எல்லாத்துலயும் R. செந்தில்குமார்தானுங்க. முதல் தடவையா பாஸ்போர்ட் போடறேன். R-ஐ Surname-ல போட்டுட்டா ஆச்சா?

ஆகாது தம்பி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை எழுத்தாக வாங்க மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். உங்கள் அப்பா பெயர் ராமசாமி என்று வைத்துக்கொண்டால் Given Name கட்டத்தில் SENTHILKUMAR, Surname கட்டத்தில் RAMASAMY. நான் யாருக்கும் சொல்வது இதுதான்.

Surname கட்டாயம் இல்லை, காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் வந்துவிடும். அதனால்தான் "நமக்கு ஏதுங்க குடும்பப் பேரு" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட் வாங்கும்போது ஒரு சிரமமும் தெரியாது, சிரமம் பிறகு விசாவிலும் டிக்கெட்டிலும் வரும். இன்னும் சிலர் SENTHILKUMAR RAMASAMY என்று மொத்தத்தையும் Given Name கட்டத்திலேயே எழுதி மற்றதைக் காலியாக விடுகிறார்கள். இரண்டு பெயரும் இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் வெளிநாட்டுக் கணினிக்கு அது இன்னமும் Surname இல்லாத ஆள்தான்.

கையில் ஏற்கெனவே பாஸ்போர்ட் இருப்பவர்கள் படம் உள்ள பக்கத்தின் அடியில் ஓடும் இரண்டு வரிகளில் முதல் வரியைப் பாருங்கள். நான் சொன்னபடி நிரப்பினால் அது இப்படி இருக்கும்:

```
P<INDRAMASAMY<<SENTHILKUMAR<<<<<<<<<<<<<<<<<
```

IND-க்கு அடுத்து வருவது Surname, இரட்டைக் குறிக்குப் பின்னால் வருவது Given Name. விமான நிலையத்தில் இயந்திரம் படிப்பது இந்த வரியைத்தான். டிக்கெட்டில் எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று குழம்பினால் இதைப் பார்த்துப் போடுங்கள்.

பூபதி, கோபி: நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடிதானே வருது. முன்னாடி வர்றது First Name, பின்னாடி வர்றது Last Name. அப்படீன்னா அப்பா பேரு Given Name-லயும் என் பேரு Surname-லயும்தானே போகணும்?

பாதி சரிங்க. இப்படி நிரப்பிய பாஸ்போர்ட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், செல்லுபடியாகும், விசாவும் வரும். கட்டங்கள் இரண்டும் நிரம்பியிருப்பதால் கணினி முரண்டு பிடிக்காது. ஆனால் அங்கே போன பிறகு வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் "ராமசாமி, வாங்க" என்று உங்கள் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். எழுதும் வரிசையை வைத்து முடிவு செய்யாதீர்கள், உங்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமோ அது Given Name-இல் இருக்கட்டும். ஏற்கெனவே மாற்றிப் போட்டுவிட்டு அதே பெயரில் விசா, வேலை, வங்கிக் கணக்கு எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் கை வைக்க வேண்டாம்.

நல்லசாமி, பெருந்துறை: எங்கப்பா பேரு நிலப் பத்திரத்துல ராமசாமிக் கவுண்டர், அவர் ஆதார்ல K. Ramasamy, என் மார்க் ஷீட்ல Ramaswamy. எதைங்க Surname-னு போடறது?

இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான். பத்திரத்தை மறந்துவிடுங்கள். உங்கள் பெயருக்கு ஆதாரமாக நீங்கள் கொடுக்கப் போகும் காகிதத்தில் அப்பா பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகள்தான் வேண்டும். உங்களுக்கு அது மார்க் ஷீட் என்றால் RAMASWAMY. அதே விண்ணப்பத்தில் தந்தை பெயர் என்று தனியாகக் கேட்கும் கட்டத்திலும் அதையே போடுங்கள், ஓரிடத்தில் ஸ்வாமி, இன்னோரிடத்தில் சாமி என்று இருந்தால் கவுன்ட்டரில் நிறுத்திக் கேட்பார்கள்.

அப்பாவின் K-ஐயும் சேர்த்து விரிக்க வேண்டியதில்லை, அது உங்கள் தாத்தா பெயர். கவுண்டர் என்பதை Surname-ஆகப் போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். உங்கள் சான்றிதழ் எதிலும் அது இல்லாதபோது பாஸ்போர்ட்டில் புதிதாக நுழைத்தால் நாளைக்கு டிகிரிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பெயர் ஒட்டாது. வேண்டாம்.

கீர்த்தனா, கோவை: எனக்கு Surname காலிங்க. அமெரிக்காவுக்கு மேல்படிப்பு. DS-160 விசா விண்ணப்பத்துல Surname கட்டாயம்னு நிக்குது. அப்பா பேரை அங்க மட்டும் போட்டுக்கலாமா?

கூடாது அம்மிணி. விசா விண்ணப்பம் பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே பிரதி எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் என்றால் அதை Surname-இல் போடச் சொல்கிறார்கள், Given Name-இல் FNU. அதாவது, முதல் பெயர் தெரியாது என்று பொருள். விசாவும் அப்படியே அச்சாகி வரும்: Surname KEERTHANA, Given Name FNU.

விசா கிடைப்பதில் இதனால் தடங்கல் இல்லை. ஆனால் அங்கே போய் சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது அந்த மூன்று எழுத்துகள் உங்கள் முதல் பெயராக ஒட்டிக்கொள்ளும். கல்லூரி வருகைப் பட்டியலில்கூட FNU என்று வாசிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

விசா நேர்காணலுக்கு இன்னும் நாள் இருக்கிறதா? இருந்தால் முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள். Re-issue தேர்ந்தெடுத்து, காரணமாக ஏற்கெனவே உள்ள விவரங்களில் மாற்றம் என்பதைக் குறித்து, அப்பா பெயரை Surname-இல் சேர்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழும் அப்பா பெயர் உள்ள பள்ளிச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். 36 பக்கத்துக்கு சாதாரணக் கட்டணம் 1500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2000. போலீஸ் விசாரணை வந்தாலும் வரலாம், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். புதுப் பாஸ்போர்ட் எண்ணையும் பெயரையும் கல்லூரிக்கு அனுப்பி, மாணவர் விசாவுக்காக அவர்கள் கொடுக்கும் I-20 படிவத்தை மாற்றி வாங்கிய பிறகுதான் DS-160 நிரப்ப வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் மூன்றிலும் மூன்று பெயர் இருக்கும்.

கீர்த்தனா, கோவை: அண்ணா, என் சீனியர் ஒருத்தர் ஏற்கெனவே FNU விசாவோட அங்க இருக்கார். அவர் அங்கிருந்தே மாத்திக்கலாமா?

பாஸ்போர்ட்டை அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக மாற்றலாம். ஆனால் கையில் இருக்கும் விசா பழைய பெயரில்தான் இருக்கும், அங்கே எடுத்த மற்ற அட்டைகளையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். சிலர் அடுத்த விசா எடுக்கும்வரை காத்திருந்து ஒரேயடியாக மாற்றுகிறார்கள், சிலர் உடனே செய்துவிடுகிறார்கள். அவர் நிலைமைக்கு எது சரி என்று கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் தொட வேண்டாம்.

முருகேசன், பல்லடம்: பொண்ணு துபாய்ல இருக்குது. பாஸ்போர்ட்ல முருகேசன்னு மட்டும்தானுங்க இருக்குது. உடமாட்டாங்கன்னு பக்கத்து வீட்டுத் தம்பி பயமுறுத்தறான்.

தம்பி சும்மா சொல்லவில்லைங்க. 2022 நவம்பரில் அமீரகம் ஒரு விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு சொல்தான் பெயர், மற்றக் கட்டம் காலி என்றால் விசிட், டூரிஸ்ட் விசாவில் ஏற்க மாட்டோம் என்றார்கள். அங்கே குடியிருப்பு விசா உள்ளவர்களுக்கு, இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் பதிந்துகொண்டால் போதும் என்று விலக்கு. பிறகு, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று தளர்த்தினார்கள். ஆக, உங்கள் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் விமானக் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஏனென்றால் உங்களைத் தடுப்பது துபாயில் அல்ல, கோவையிலோ கொச்சியிலோ செக்-இன் கவுன்ட்டரில்தான்.

கணேஷ், ஈரோடு (டிராவல்ஸ் வைத்திருக்கிறேன்): ஒரு சேர்க்கைங்க. ஒற்றைப் பெயர்க்காரங்களுக்கு டிக்கெட் போடும்போது எல்லாரும் FNU-ன்னு போட்டுடறாங்க. எல்லா ஏர்லைனுக்கும் அது ஒத்து வராது. சிலர் ஒரே பேரை ரெண்டு கட்டத்துலயும் போடச் சொல்றாங்க. Surname-ல ஒற்றை எழுத்து போட்டா சில சைட் வாங்காது, வாங்கினாலும் கவுன்ட்டர்ல சண்டைதான்.

சரியாகச் சொன்னீர்கள். FNU அமெரிக்க விசாவுக்கான ஏற்பாடு, அதை எல்லா இடத்துக்கும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. ஒரே பயணத்தில் இரண்டு கம்பெனி விமானம் மாறுபவர்கள் டிக்கெட் கொடுத்த கம்பெனியின் விதியைப் பின்பற்றிவிட்டு, இன்னொன்றிடமும் சொல்லி வைப்பது நல்லது.

ஜெயந்தி, பொள்ளாச்சி: ஜோசியர் சொன்னாருன்னு பேர்ல ஒரு A சேர்த்தேனுங்க. அதுக்கும் இந்த Surname-தான் வழியா?

அது வேறு அக்கா. இருக்கும் இனிஷியலை விரிப்பது ஒன்று, எழுத்தையே மாற்றுவது இன்னொன்று. உங்களுடையது பெயர் மாற்றம், தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு அதன் பிரதியை வைத்துத்தான் மற்றவற்றை மாற்ற வேண்டும்.

தினேஷ், அவிநாசி: பான் கார்டுல எனக்கு எப்படிப் பதிஞ்சிருக்காங்கன்னே தெரியல. கண்டுபிடிக்க வழி இருக்கா?

ஓரளவு இருக்கிறது. பான் எண்ணின் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். தனி ஆளுக்கு நான்காவது எழுத்து P, ஐந்தாவது உங்கள் Last Name-இன் முதல் எழுத்து. அப்பா ராமசாமி, நீங்கள் தினேஷ் என்றால், R இருந்தால் விண்ணப்பத்தில் அப்பா பெயர் Last Name-ஆகப் போயிருக்கிறது, D இருந்தால் உங்கள் பெயரே போயிருக்கிறது. D என்றால் தப்பு என்று நினைக்காதீர்கள். ஒற்றைப் பெயர்க்காரர்கள் தங்கள் பெயரை Last Name-இல் போட்டு First Name, Middle Name இரண்டையும் காலியாக விட வேண்டும் என்பதுதான் பான் விண்ணப்பத்தின் விதி, பாஸ்போர்ட்டில் காலியாக விடும் இடமே இங்கே கட்டாயம். பின்னால் பெயரைத் திருத்தினாலும் அந்த எண் மாறாது, எழுத்து பொருந்தவில்லை என்று புது பான் எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம்.

வித்யா, கோவை: குழந்தைக்கு பாஸ்போர்ட். என் வீட்டுக்காரர் Surname அவங்கப்பா பேரு, பழனிசாமி. குழந்தைக்கும் அதையே போட்டா குடும்பத்துக்கு ஒரே பேரா இருக்கும்னு மாமனார் சொல்றார். இல்லை, குழந்தையோட அப்பா பேருதான் வரணும்னு எங்கப்பா சொல்றார்.

இரண்டு வீட்டாரையும் நான் சமாதானப்படுத்த முடியாது! எதைப் போட்டாலும் பாஸ்போர்ட் வரும். பிறப்புச் சான்றிதழில் குழந்தை பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதி ஆதாரமாக அந்தச் சான்றிதழ் ஒன்றைத்தான் ஏற்கிறார்கள், அதனால் அதையொட்டிப் போவதே லேசு. வீட்டுக்காரர் பெயரைப் போட்டால் பள்ளியில் வரும் இனிஷியலோடு ஒத்துப்போகும். தாத்தா பெயரைப் போட்டால் அப்பாவும் பிள்ளையும் ஒரே Surname, வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்கள் அதை விரும்புகிறார்கள், ஆனால் இங்கே பள்ளியில் இனிஷியல் வேறாக இருக்கும். வீட்டுக்காரர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பயணத்தில் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அப்பாவும் பிள்ளையும் ஏன் வேறு வேறு பெயர் என்று கேட்டால் காட்ட உதவும்.