உறவினர் முன் காதலியாக நடித்த பிறகு

கேள்வி: எனக்கு வயது 27. வெள்ளவத்தையில் அம்மா, அப்பாவோடு இருக்கிறேன். பல்கலைக்கழகக் காலத்திலிருந்து எனக்கொரு நல்ல நண்பன் இருக்கிறான். ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் அவனுடைய பெரியம்மா கலியாணப் பேச்சை எடுத்துவிடுவார் என்று பயந்து, காதலியாக வந்து நிற்கும்படி என்னைக் கேட்டான். கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரு பிறந்தநாளுக்குப் போனேன். படியேறும்போது அவன் என் கையைப் பிடித்தான். அவனுடைய அம்மம்மா என்னைப் பக்கத்தில் இருத்திச் சாப்பாடு போட்டுத் தந்தார். மூன்று கிழமையாகியும் அந்தக் கையை மறக்க முடியவில்லை. அடுத்த மாதம் பம்பலப்பிட்டியில் அவனுடைய மச்சாளின் கலியாணம். திரும்பவும் வரச் சொல்கிறான். இது காதலா? நான் போகலாமா?

பதில்: அவரோடு பேசாமல் அந்தக் கலியாண வீட்டுக்குப் போக வேண்டாம். பேசிய பிறகு போகலாமா என்பது, அவர் என்ன சொல்கிறார் என்பதையும் நீங்கள் உங்களைப் பற்றி என்ன கண்டுபிடிக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. இது காதலா என்ற கேள்விக்கு இன்றைக்கே விடை தேடாதீர்கள். உங்கள் உணர்வு பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எதைப் பார்த்து எழுந்தது என்பதைப் பிரித்தறிய இன்னும் சில நாட்கள் தேவை.

முதலில் அந்தப் படிக்கட்டை நினைத்துப் பாருங்கள். அறியாத வீடு, உள்ளே உங்களை எடைபோடக் காத்திருக்கும் பெரியவர்கள், பிடிபட்டுவிடுவோமோ என்ற பயம். இதயம் வேகமாக அடித்திருக்கும், உள்ளங்கை வியர்த்திருக்கும். சரியாக அந்த நேரத்தில் அவருடைய கை வந்து சேர்ந்தது. உடம்பில் எழும் பதற்றத்துக்குத் தனியாகப் பெயர் எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களைக் கொண்டு மனம் அதற்குப் பெயர் வைத்துவிடுகிறது. கனடாவின் வன்கூவர் நகருக்கு அருகில், ஏறத்தாழ 70 மீற்றர் உயரத்தில் தொங்கும் கப்பிலானோ பாலத்தில் டட்டன், ஆரன் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்து 1974இல் வெளியிட்டார்கள். ஆடும் பாலத்தைக் கடந்துவந்த ஆண்களையும், உறுதியான தாழ்ந்த பாலத்தைக் கடந்துவந்த ஆண்களையும் ஓர் இளம்பெண் சந்தித்துச் சில கேள்விகள் கேட்டுத் தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார். பிறகு அவரை அழைத்தவர்களில் ஆடும் பாலத்தைக் கடந்தவர்களே அதிகம். பயத்தால் வந்த படபடப்பின் ஒரு பங்கை அவர்கள் அந்தப் பெண்ணின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆனால் படபடப்பு மட்டுமென்றால் இரண்டு மூன்று நாளில் தணிந்திருக்க வேண்டும். உங்களுக்கு மூன்று கிழமை நீடித்திருப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம், அதை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். 1959இல் ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற இருவர் மாணவர்களுக்கு மிகவும் சலிப்பூட்டும் வேலையொன்றைக் கொடுத்தார்கள். பலகையில் செருகிய மரமுளைகளை ஒவ்வொன்றாகத் திருப்புவதும் அதில் அடக்கம். வேலை முடிந்ததும், வெளியே காத்திருந்த அடுத்தவரிடம் அது சுவாரசியமாக இருந்தது என்று பொய் சொல்லச் சொன்னார்கள். அதற்காகச் சிலருக்கு 20 டொலரும் சிலருக்கு 1 டொலரும் கொடுக்கப்பட்டன. பிறகு உண்மையான கருத்தைக் கேட்டபோது, வேலை நன்றாகத்தான் இருந்தது என்று கூடுதலாகச் சொன்னவர்கள் 1 டொலர் வாங்கியவர்கள். இருபது டொலர் வாங்கியவருக்குத் தான் ஏன் பொய் சொன்னோம் என்பது தெரியும். ஒரு டொலர் வாங்கியவருக்குப் போதிய காரணம் இல்லாததால், சொன்னதையே கொஞ்சம் நம்பத் தொடங்கினார்.

நீங்கள் அந்த வீட்டுக்குப் போனதற்கு ஒரு டொலர்கூட வாங்கவில்லை. ஆனால் அவருடைய பெரியம்மா, “எப்படி உங்களுக்குள்ளே பழக்கம்?” என்று கேட்டிருப்பார். நீங்களும் அவரும் ஒரு கதையைச் சொல்லியிருப்பீர்கள். அவரில் உங்களுக்குப் பிடித்தது எதுவென்று கேட்டிருந்தால், பொய்யாகச் சொல்லத் தெரியாமல், அவரிடம் உண்மையிலேயே உள்ள ஒரு நல்ல குணத்தைத்தான் சொல்லியிருப்பீர்கள். நட்பில் நாம் பேசாமல் விட்டுவைக்கும் விடயங்களை இப்படி வாய்விட்டு, அதுவும் ஏழெட்டுப் பேர் முன்னால் சொன்ன பிறகு, அவை நமது காதுக்கும் கேட்டுவிடுகின்றன. இதிலிருந்து இரண்டு விதமான முடிவு வரலாம்: சொன்னதால் உணர்வு உண்டாகியிருக்கலாம், அல்லது ஏற்கனவே இருந்த உணர்வைச் சொல்ல ஒரு சாட்டு கிடைத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அவற்றைப் பிரிக்கும் வழியை ஒரு சம்பவத்தின் மூலம் சொல்கிறேன். உளவளத்துணைக்காக என்னிடம் வந்த ஒரு பெண் இதே நிலையில் இருந்தார். ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். தெஹிவளையில் நண்பரின் வீட்டில், இலண்டனிலிருந்து வந்த மாமாவுக்காக இரண்டு முறை நடித்திருந்தார். நண்பரை நினைக்கும் ஒவ்வொரு தடவையும், அப்போது மனதில் வந்த காட்சி என்ன என்பதை மட்டும் இரண்டு கிழமைக்கு ஒரு சிறிய கொப்பியில் எழுதிவரச் சொன்னேன். காதல், ஆசை போன்ற சொற்களை எழுத வேண்டாம், கண்ட காட்சியை மட்டும் எழுதுங்கள் என்றேன். கொப்பியை இருவரும் சேர்ந்து வாசித்தபோது, நண்பர் அதில் அபூர்வமாகவே வந்தார். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே பேசும் அவருடைய அம்மா, “மகள், இதையும் கொண்டுபோங்கோ” என்று கட்டித்தந்த பலகாரம், புறப்படும்போது வாசல்வரை வந்து நின்ற மச்சாள்மார், இவையே பக்கம் பக்கமாக இருந்தன. அந்தப் பெண் உயர்தரம் படிக்கும்போது தாயை இழந்தவர். அவர் ஏங்கியது ஒரு வீட்டுக்கு. அதைக் கண்டபோது அவர் அழுதார், ஆனால் அந்த வீட்டு மனிதர்களை இனி ஏமாற்ற முடியாது என்ற முடிவையும் அன்றே எடுத்தார்.

நீங்களும் அப்படி எழுதிப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் கையும் இருக்கிறது, அம்மம்மாவின் சாப்பாடும் இருக்கிறது. எது அடிக்கடி திரும்பி வருகிறது என்று கொப்பி காட்டும். அந்தப் பிறந்தநாளுக்கு முந்திய காட்சிகள் வருகின்றனவா என்றும் பாருங்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் அவர் பிதற்றிக்கொண்டு வந்த ஒரு சாதாரண மாலை, அவருக்குக் காய்ச்சல் என்றபோது உங்களுக்கு வேலை ஓடாமல் போன ஒரு நாள், அவருடைய கோபம், அவர் தவணை சொல்லித் தப்பும் பழக்கம், இவற்றோடு சேர்த்தும் அவர் உங்களுக்கு வேண்டியவராக இருந்தால், அந்த உணர்வுக்குப் படிக்கட்டை விட நீண்ட வேர் இருக்கிறது. பார்வையாளர் இருந்த அந்த ஒரு மாலை மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால், காத்திருங்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: பெரியம்மா பார்க்கும் பெண்ணையே அவர் நாளைக்குக் கலியாணம் செய்கிறார் என்றால், நண்பனை இழக்கும் கவலை வருகிறதா, அல்லது அந்தப் பெண்ணின் இடத்தில் நீங்கள் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறதா?

அவருடைய பக்கத்தையும் பார்க்க வேண்டும். வீட்டார் முன் அவர் காட்டிய பரிவை அத்தாட்சியாக எடுக்காதீர்கள். அது அவர் கேட்டுக்கொண்ட நாடகத்தின் பகுதி. வாசலைத் தாண்டி வீதிக்கு வந்ததும் கையை எப்போது விட்டார், அதற்குப் பிந்திய மூன்று கிழமையில் தானாக எத்தனை முறை அழைத்தார், அந்த நாளைப் பற்றிப் பேசினாரா என்பவையே உங்களுக்குப் பயன்படும் தகவல்கள். அவர் வேறொருவரை விரும்பி, சாதியோ மதமோ காரணமாக வீட்டில் சொல்ல முடியாமல் இருக்கலாம். பெண்கள்மீது ஈர்ப்பு இல்லாதவராகவும் இருக்கலாம். அப்படியானால் அதைச் சொல்லுவதா இல்லையா என்பது அவருடைய முடிவு, தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். நீங்கள் கேட்க உரிமையுள்ள கேள்வி ஒன்றுதான்: “இதில் உனக்கு நான் யார்?”

அதை வட்ஸ்அப்பில் கேட்க வேண்டாம், நடிப்பு முடிந்த அன்றைய இரவிலும் கேட்க வேண்டாம். ஒரு பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் நடந்தபடி, உங்களைப் பற்றியே தொடங்குங்கள். “அண்டைக்கு உங்கட வீட்டுக்கு வந்ததிலிருந்து என்ர மனம் கொஞ்சம் குழம்பியிருக்கு. அது என்னெண்டு எனக்கே இன்னும் தெரியாது. அதாலதான் கலியாணத்துக்கு வாறதுக்கு முதல் உன்னோட கதைக்க வேணும் எண்டு நினைச்சன்” என்ற அளவு போதும். அவரும் அப்படியே உணர்ந்ததாகச் சொன்னால், காதலர்களாகப் பழகிப் பார்க்கும் முதல் சில கிழமைகளை உறவினர் கண்ணில் படாமல் வைத்திருங்கள். அவருக்கு அப்படி எதுவுமில்லை என்றால், கலியாண வீட்டுக்குப் போகாதீர்கள். குழம்பிய மனதோடு மீண்டும் கை கோத்து நிற்பது உங்களை மட்டுமே வருத்தும். பேச்சைச் சிரித்து மழுப்பிவிட்டு, “வருவாய்தானே?” என்று மட்டும் கேட்டால், அதையும் இல்லை என்ற பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இருவர் மனதும் தெளிந்து, வெறும் உதவியாகவே போக முடிவு செய்தாலும், பிறந்தநாள் வீடு வேறு, கலியாண மண்டபம் வேறு. அங்கே எடுக்கும் படம் இரவுக்குள் ரொறன்ரோ குடும்பக் குழுவில் இருக்கும். பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் உங்கள் அம்மாவை அறிந்த ஒருவராவது அந்த மண்டபத்தில் இருப்பார். ஆகவே உங்கள் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லாமல் போகாதீர்கள். அதோடு, உங்கள் நட்சத்திரத்தைக் கேட்கும்போது, அல்லது பொருத்தம் பார்க்கச் சாதகத்தின் பிரதி கேட்கும்போது நாடகம் நின்றுவிட வேண்டும்; அதற்குப் பிறகு அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு அடியும் உங்கள் பொய்யை நம்பி எடுக்கும் அடி. “நான் திரும்பிப் போறதுக்கு முதல் எழுத்தையாவது முடிப்பம்” என்று பெரியம்மா சொல்லக்கூடும். விளையாட்டாக எழுதிப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்குக் கூறும் காரணங்கள் மூன்றே: பிறன்மனை உறவு, தீய நோக்கத்தோடு கைவிடுதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்பது அந்த மூன்றில் இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவர் மற்றவர்மீது குற்றம் சாட்டித்தான் வழக்கு நடத்த வேண்டும்.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. கொப்பிக்கு இரண்டு கிழமை எடுங்கள், மூன்றாம் கிழமையில் அவரோடு பேசுங்கள். அவர் வேறு ஏற்பாடு செய்யவும், பெரியம்மாவிடம் தானே வாய் திறந்து “எனக்கு இப்ப கலியாணம் வேண்டாம்” என்று சொல்லவும், மீதியுள்ள நாட்கள் போதும்.