ஊர்க் கல்லூரிப் பட்டமும் ரெஸ்யூமேயும்: வாசகர் கேள்விகள்

கல்லூரிப் பெயரை விட்டுவிட்டு 'பாரதிதாசன் பல்கலைக்கழகம்' என்று மட்டும் போடலாமா?
(பி.எஸ்சி. கணினி அறிவியல், கும்பகோணம்)

விட வேண்டாம். பட்டம் தருவது பல்கலைக்கழகம்தான். அதனால் அதை முதலில் எழுதி, கல்லூரிப் பெயரை அடுத்துப் போடுவது முறையானதே. கல்லூரியை அறவே மறைத்தால், வேலை உறுதியானபின் நடக்கும் சான்றிதழ் சரிபார்ப்பில் எதையோ ஒளித்ததாகத் தோன்றும். இந்த ஒரு வரியை ரெஸ்யூமேயின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுபோங்கள். மேலே, உங்களுக்குத் தெரிந்த வேலையும் ப்ராஜெக்டும் வரட்டும்.

'ஸ்டூடன்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம்' என்று ப்ராஜெக்ட் போட்டிருக்கிறேன். யாருமே கூப்பிடவில்லை.
(பி.சி.ஏ., மன்னார்குடி)

இந்தத் தலைப்பு எனக்கு வரும் ரெஸ்யூமேக்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் நீங்கள் அனுப்பியதில் 'பொழுதுபோக்கு' என்ற இடத்தில், மாமாவின் உரக்கடைக் கடன் நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதாக ஒரு வரி இருக்கிறதே, அம்மா, அதுதான் உங்கள் ப்ராஜெக்ட்!

போனில் கேட்டபோது சொன்னீர்கள்: ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று விவசாயிகள். செல்போன் எண்ணை வைத்துப் பிரிக்கலாம் என்றால், அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே எண். கடைசியில் ஆளுக்கொரு கணக்கு எண் கொடுத்தீர்கள். சம்பா அறுவடை முடிந்து பாதிப் பணம் கட்டுகிறவர்களுக்காக, ஒவ்வொரு வரவையும் தனி வரியாகப் பதிந்தீர்கள். அதை இப்படி எழுதுங்கள்:

"உரக்கடைக் கடன் கணக்கு (பைதான், எஸ்கியூலைட்). பெயரோ போன் எண்ணோ ஒன்றாக இருந்த வாடிக்கையாளர்களைக் கணக்கு எண்ணால் பிரித்தேன். பகுதித் தவணைகளைத் தனித்தனியாகப் பதிந்து நிலுவையைக் கணக்கிட்டேன். கடையில் தினமும் பயன்பாட்டில் உள்ளது."

ஆங்கிலத்தில் எழுதினாலும் சிக்கல், நீங்கள் எடுத்த முடிவு, இப்போதைய நிலை மூன்றும் இருக்கட்டும். கிட்ஹப்பில் ஏற்றுமுன் விவசாயிகளின் பெயர், எண், கடன் தொகை எல்லாவற்றையும் நீக்கி, கற்பனைத் தகவலை நிரப்புங்கள். பழைய வடிவங்களில் உண்மைத் தகவல் இருந்தால் அதுவும் அங்கே தெரியும், கவனம்.

ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதைப் போடலாமா?
(பி.இ., பட்டுக்கோட்டை)

நீங்கள் செய்ததாகப் போடாதீர்கள். "இந்த டேபிளில் இந்த ஃபீல்டு எதற்கு?" என்ற ஒரே கேள்வியில் வெளியே வந்துவிடும். முழு ப்ரோகிராமும் ஒரே நாளில் கிட்ஹப்பில் ஏறியிருந்தாலும் சந்தேகப்படுவார்கள். அதில் ஒரு பகுதியை நீங்களே புதிதாக எழுதியிருந்தால், அந்தப் பகுதியை மட்டும் உங்களுடையது என்று சொல்லுங்கள்.

"இந்தக் கல்லூரியைக் கேள்விப்பட்டதே இல்லையே" என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். வாயடைத்துப் போனேன்.
(திருவாரூர்)

"திருவாரூர் பக்கம் சார், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இணைந்தது. அங்கே படிக்கும்போதுதான் இந்த ப்ராஜெக்டைச் செய்தேன்" என்று சொல்லிவிட்டு ப்ராஜெக்டுக்குள் போய்விடுங்கள். கல்லூரிக்காக மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். ஒன்று மட்டும்: குறிப்பிட்ட கல்லூரிகளுக்கு நேரில் போய் மட்டுமே ஆள் எடுக்கும் நிறுவனத்தில் எந்த ரெஸ்யூமேயும் எடுபடாது. அந்த நேரத்தைத் திருச்சி, கோவையில் உள்ள சிறு நிறுவனங்களுக்குச் செலவிடுங்கள். அங்கே ப்ராஜெக்டைத் திறந்து பார்க்கிறவர், பெரும்பாலும் உங்களுக்கு வேலை சொல்லப்போகிறவராகவே இருப்பார்.