அரை கிலோ பார்சலுக்கு எந்தக் கூரியர்? கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே சிறு பொருட்கள் விற்கத் தொடங்கியிருக்கிறேன். அரை கிலோவுக்குள் இருக்கும் பார்சலுக்கு எந்தக் கூரியர் மலிவு? கேஷ் ஆன் டெலிவரி கொடுத்தால்தான் ஆர்டர் வரும் என்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்:

நீங்கள் இப்போது மாதம் முப்பது நாற்பது பார்சல் அனுப்புகிறீர்கள், இன்னும் எந்த நிறுவனத்துடனும் ஒப்பந்தம் போடவில்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் காரைக்குடியிலிருந்து ஓலைக்கொட்டான்கள் அனுப்புகிறேன். தினம் நூறு பார்சல் அனுப்புபவர்களுக்குக் கிடைக்கும் விலையும் நடைமுறையும் வேறு. அவர்கள் என் கணக்கைத் தவறு என்று சொல்ல வேண்டாம், இது சிறு விற்பனையாளரின் கணக்கு.

முதலில் எடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் என் முதல் நட்டம் அங்கேதான் வந்தது. மூன்று கொட்டான் கொண்ட ஒரு செட், பெட்டியோடு சேர்த்து 350 கிராம்தான். ஆகவே அரை கிலோ ஸ்லாப், அதாவது அரை கிலோ வரையிலான கட்டணப் படி என்று நம்பி, பல கூரியர்களை ஒரே இடத்தில் இணைத்துத் தரும் ஓர் அக்ரிகேட்டர் தளத்தில் பதிவு செய்து அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, அந்தப் பார்சல் 2 கிலோ ஸ்லாப்பைச் சேர்ந்தது என்று சொல்லி, நான் முன்பணமாகப் போட்டு வைத்திருந்த தொகையிலிருந்து வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எடைப் பிசகு என்று சண்டை போட்ட பிறகுதான் பரிமாண எடை என்ற ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது பரிமாண எடை. அதுவும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்கே கட்டணம். என் பெட்டி 30×20×15. பெருக்கினால் 9000, வகுத்தால் 1.8 கிலோ, ஸ்லாப்பில் ஏற்றினால் 2 கிலோ. அவர்கள் கணக்கு சரிதான். நான்தான் காற்றுக்குக் காசு கொடுத்திருந்தேன்.

அதன்பின் மூன்று கொட்டான்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி 20×20×12 பெட்டியில் வைத்தேன். 4800-ஐ 5000-ஆல் வகுத்தால் 0.96, ஆகவே 1 கிலோ ஸ்லாப். உங்கள் பொருள் அரை கிலோ ஸ்லாப்புக்குள் இருக்க வேண்டுமானால் பெட்டியின் கன அளவு 2500-ஐத் தாண்டக் கூடாது. 20×15×8 பெட்டி 2400. அதுவே நீங்கள் உள்ளே திணித்து மேல்மூடி ஒரு சென்டிமீட்டர் உப்பிவிட்டால் 2700 ஆகி அடுத்த ஸ்லாப்புக்குப் போய்விடும். அளக்கும் இயந்திரம் பெட்டியில் அச்சிட்ட அளவைப் பார்ப்பதில்லை, உப்பலின் உச்சியைத்தான் பார்க்கும். ஒட்டிய பிறகு அளவு நாடாவை வைத்து, தராசின் எண்ணும் முகவரிச் சீட்டும் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடைத் தகராறுக்குத் தரப்படும் அவகாசம் சில நாட்கள்தான். படம் இல்லாவிட்டால் வாதம் எடுபடாது.

எது மலிவு என்பதற்கு ஒரே விடை இல்லை. தமிழ்நாட்டுக்குள், பணம் முன்பே வந்துவிட்ட பார்சல் என்றால், எஸ்.டி. கூரியர், புரொபஷனல் போன்றவற்றின் உள்ளூர்க் கிளையில் நேரில் கொடுப்பதைத்தான் நான் விரும்புகிறேன். பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடுகிறது, எடை கண்ணெதிரே போடப்படுவதால் பிறகு பணம் பிடிக்கும் பேச்சு இல்லை. வெளி மாநிலத்துக்கும் சிற்றூருக்கும் ஸ்பீட் போஸ்ட். எனக்கு ஸ்பீட் போஸ்டில் திரும்பி வந்த பார்சல்களுக்குத் தனியாகப் பணம் கேட்டதில்லை. அக்ரிகேட்டர் தளத்தை நான் கேஷ் ஆன் டெலிவரிக்காக மட்டுமே வைத்திருக்கிறேன்.

அந்தக் கேஷ் ஆன் டெலிவரியின் கணக்கை ஒருமுறை உங்கள் எண்களில் போட்டுப் பாருங்கள். என் செட் 650 ரூபாய். பொருளும் பொதியும் சேர்ந்து 380. மிச்சம் 270. கூரியர் 95, பணம் வசூலிக்கும் கட்டணம் 40. ஆக, வாங்கிக்கொண்டால் என் கையில் 135. வாங்காமல் திருப்பினால் வசூல் கட்டணம் இல்லை, ஆனால் போன கூலி 95, வந்த கூலி 85, வீணான பெட்டியும் தாளும் 25, மொத்தம் 205 நட்டம். பத்தில் மூன்று திரும்பினால் 945-இல் 615 போய் 330 மிஞ்சும். நான்கு திரும்பினால் 810-இல் 820 போய்விடும். பத்து பேருக்குப் பொதிந்து, கடைசியில் பத்து ரூபாய் கைக்காசு போகும். ஓலை நசுங்கி வந்தால் பொருளின் விலையும் சேரும். வசூலான பணமும் உடனே வருவதில்லை, டெலிவரி ஆகிச் சில நாள் கழித்தே கணக்கில் ஏறும்.

திருப்புவது எப்போதும் வாடிக்கையாளர்தான் என்று நினைக்காதீர்கள். சென்ற ஆண்டு அவிநாசியிலிருந்து ஓர் அம்மா, மகளின் வளைகாப்புக்கென்று ஆறு செட் கேட்டிருந்தார். மூன்று நாளும் மாலை ஏழரைக்கு மேல் "வாடிக்கையாளர் வாங்க மறுத்தார்" என்று திரையில் வந்தது. நான் நான்காம் நாள்தான் கவனித்து அழைத்தேன். "காசை எண்ணிச் சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிட்டுக் காத்திருக்கேன் கண்ணு, ஒரு போன்கூட வரலையே" என்றார். அதற்குள் பார்சல் திரும்பக் கிளம்பிவிட்டது. பத்தொன்பதாம் நாள் என் வாசலுக்கு வந்தபோது பெட்டியின் ஒரு மூலை உள்ளே போயிருந்தது, இரண்டு கொட்டான்களின் விளிம்புப் பின்னல் பிரிந்திருந்தது. வளைகாப்பு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. போகவர இரு கூலியும் என் கணக்கில்தான். அந்த நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. வெயிலிலும் மழையிலும் அலையும் பையன்கள் மீதும் எனக்குக் கோபம் இல்லை. போகாத வீட்டுக்குப் போனதாகப் பதிந்தால் அதைச் சரிபார்க்க வழியில்லாமல் வைத்திருப்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

இப்போது தினமும் காலை பத்து மணிக்குள் டெலிவரி ஆகாத பார்சல்களைக் காட்டும் தளத்தின் `NDR` பக்கத்தைத் திறந்துவிடுகிறேன். முதல் முயற்சி தவறியது என்று தெரிந்த அன்றே வாடிக்கையாளரை அழைத்து, அவர் சொன்ன நேரத்தையும் அடையாளத்தையும் எழுதி மறுமுயற்சி கேட்டுவிட்டால், பல பார்சல்கள் பிழைத்துவிடுகின்றன. மூன்றாம் முயற்சி முடிந்துவிட்டால் பிறகு யாரிடம் பேசியும் பயன் இருப்பதில்லை.

கேஷ் ஆன் டெலிவரியை நான் முழுவதுமாக நிறுத்தவில்லை. நிறுத்தினால் பெயர் தெரியாத ஒருவரிடம் முன்பணம் கட்டத் தயங்கும் நியாயமான வாடிக்கையாளர்களை இழந்துவிடுவோம். ஆர்டர் வந்ததும் அழைத்து முகவரியை ஒருமுறை வாசித்துக் காட்டுகிறேன். பிறகு 200 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு மீதி 450-ஐ மட்டும் வாசலில் வசூலிக்கச் சொல்லி அனுப்புகிறேன். அந்த 200, திரும்பினால் ஆகும் போகவரக் கூலி 180-ஐ ஈடுகட்டிவிடும் என்பதால் வைத்த தொகை. திரும்பினால் அது கிடைக்காது என்பதை முன்பே எழுத்தில் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டதும் பதில் அனுப்பாமல் போய்விடுபவர்கள் உண்டு. நீங்கள் வைக்க வேண்டிய தொகை உங்கள் பெட்டியின் ஸ்லாப்பைப் பொறுத்தது. ஆகவே பெட்டியை முதலில் அளந்துவிட்டு, அதன் பிறகு தொகையை முடிவு செய்யுங்கள்.