மாவுக்கட்டும் மனித மாண்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் நங்கநல்லூரில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த என் அம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் தழும்பு இன்னும் ஆறவில்லை. காவல் நிலையத்தில் முதல் நாள் புகாரையே வாங்கவில்லை. துறையில் அதிகாரியாக இருக்கும் உறவினர் ஒருவர் ஃபோன் செய்த பிறகுதான் நாற்காலி போட்டு உட்காரவைத்து எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒருவன் பிடிபட்டான். கையில் மாவுக்கட்டோடு அவன் நிற்கும் படம் வாட்ஸப்பில் வந்தது. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான்' என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. மாண்பு எல்லா மனிதருக்கும் பிறப்பிலேயே உண்டு என்று நீங்கள் எழுதுகிறீர்கள். மரியாதையை நடத்தையால் சம்பாதிக்கவேண்டும் என்றுதான் அம்மா எனக்குச் சொல்லி வளர்த்தார். வள்ளுவரும் 'சிறப்பொவ்வா' என்கிறார். தன் மரியாதையைத் தானே தொலைத்தவனுக்கு என்ன உரிமை மிச்சம் இருக்கிறது?

கே., நங்கநல்லூர்

அன்புள்ள கே.,

அம்மாவின் காயம் சீக்கிரம் ஆறட்டும். அந்தப் படத்தைப் பார்த்து உங்களுக்கு வந்த நிம்மதியை நான் குறைசொல்லப் போவதில்லை. தாயின் கழுத்தில் தழும்பைப் பார்த்த மகனுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அம்மா சொல்லிக்கொடுத்ததும் சரிதான். நேர்மையாக நடப்பவரை மதிக்கிறோம், திருடனை மதிப்பதில்லை. அந்த மதிப்பு கூடும், குறையும், இல்லாமலும் போகும். சங்கிலி பறித்தவனை நீங்கள் ஆயுளுக்கும் அப்படி மதிக்கவேண்டியதில்லை. ஆனால் அவன் எதிரே நிற்கும்போது, அவனை என்னவெல்லாம் செய்யக்கூடாது என்று நம்மைத் தடுக்கிற ஒன்றும் இருக்கிறது. அது பாராட்டு அல்ல, அதற்கு மதிப்பெண் கிடையாது. ஸ்டீவன் டார்வால் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1977இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். நீங்கள் சொன்ன குறளிலும் இரண்டும் உண்டு. 'சிறப்பொவ்வா' என்பதற்கு முன்னால் 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்று இருக்கிறதே.

இரண்டாவது ஏன் தொலைந்துபோகாது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். இதற்கு நான் எப்போதும் போய் நிற்பது கைவிலங்கு பற்றிய ஒரு வழக்கில்தான். பிரேம் சங்கர் சுக்லா என்ற விசாரணைக் கைதி, தன்னை விலங்கிட்டே நீதிமன்றத்துக்கு அழைத்துப்போகிறார்கள் என்று டெல்லி சிறையிலிருந்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குத் தந்தி அடித்தார். அந்தத் தந்தியே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர்மேல் இருந்தவை மோசடி வழக்குகள். அவர் உத்தமர் என்று யாரும் வாதிடவில்லை.

அப்போது அங்கே நடைமுறையில் இருந்த பஞ்சாப் போலீஸ் விதிகள் கைதிகளை இரண்டு வகுப்பாகப் பிரித்தன. சமூக அந்தஸ்து, படிப்பு, வாழ்ந்து பழகிய முறை ஆகியவற்றால் மேலான வாழ்க்கைக்குப் பழகியவர்கள் 'மேல் வகுப்பு'. மற்றவர்கள் சாதாரண வகுப்பு. ஓரளவு கடுமையான குற்றச்சாட்டு இருந்தால் சாதாரண வகுப்புக்காரனின் கையில் விலங்கு விழும். மேல் வகுப்புக்காரருக்கு மிக அவசியமானால் மட்டும்தான். அதாவது வெளியே சம்பாதித்த மரியாதை சிறைக்குள்ளும் கூடவே வந்தது. சம்பாதிக்க வாய்ப்பே இல்லாதவன் மணிக்கட்டில் இரும்போடு நடந்தான்.

1980 ஏப்ரலில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்த வகுப்புப் பிரிவினையை, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவுக்கு எதிரானது என்று தள்ளியது. விலங்கு தப்பி ஓடுவதைத் தடுக்கத்தான் என்றால், ஓடுவானா மாட்டானா என்பதற்கும் அவன் படிப்புக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? விலங்கிடுவதே முதல் பார்வைக்கு மனிதத்தன்மையற்றது என்றது தீர்ப்பு. தப்பி ஓடும் அபாயம் கண்முன் தெளிவாக இருக்கவேண்டும். கூடுதல் காவலர்களை அனுப்புவது போன்ற வேறு வழி இருக்கக்கூடாது. காரணத்தை அப்போதே எழுதி, மாஜிஸ்திரேட்டிடம் காட்டி, அவர் ஒப்புதலைப் பெறவேண்டும். இந்த நிபந்தனைகளில் எதுவும் கைதி நல்லவனா என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கே வருகிறேன். முதல் நாள் உங்கள் அம்மா காயத்தோடு வந்தார், புகாரை வாங்கவில்லை. ஃபோன் வந்தது, நாற்காலி வந்தது. அந்த விதியில் இருந்த அதே வகுப்புப் பிரிவினைதான் இது. எழுத்தில் ஒழிந்தது நடைமுறையில் நிற்கிறது. உறவினர் யாரும் இல்லாமல் அதே மேசைக்கு முன்னால் நிற்கும் ஒரு வீட்டு வேலைக்காரம்மாவை நினைத்துப் பாருங்கள். மரியாதையைச் சம்பாதித்தவர்களுக்குத்தான் உரிமை என்றால், அவர் எழுந்து நின்று கேட்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கெஞ்சத்தான் முடியும்.

உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள தூரம் இதுதான். சலுகை கொடுப்பவர் மனம் வைத்தால் வரும், மனம் மாறினால் போகும். உரிமை என்றால் கேட்பவரிடம் தகுதிச் சான்று கேட்காமலே எதிரே இருப்பவருக்குக் கடமை விழுந்துவிடுகிறது. தகுதியைப் பார்த்துக் கொடுப்பது என்று ஆகிவிட்டால், தகுதியை அளக்கும் ஒருவர் வேண்டும். காவல் நிலையத்தில் அளப்பவர் யார்? லத்தியைக் கையில் வைத்திருப்பவர். யாரிடமிருந்து காப்பதற்காக உரிமை ஏற்பட்டதோ, அவரே அது உண்டா இல்லையா என்று முடிவு செய்வார். அதனால்தான் 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை, இந்த உரிமைகள் மனிதருக்கு உள்ளார்ந்த மாண்பிலிருந்தே பிறக்கின்றன என்று முகவுரையில் சொல்கிறது. அதன் 10ஆம் பிரிவு, சுதந்திரம் பறிக்கப்பட்டவர்களையும் அந்த மாண்புக்கு மதிப்பளித்தே நடத்தவேண்டும் என்கிறது. இந்தியா அதில் 1979இல் சேர்ந்தது. மறு ஆண்டே சுக்லா தீர்ப்பில் அந்தப் பிரிவு பேசியது.

பிடிபட்டவன் உண்மையில் பறித்தவன்தானா, ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்களா என்று நான் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. அவன்தான் பறித்தான் என்றே வைத்துக்கொள்வோம்.

நீதிமன்றம் அவனிடம் 'இப்படிச் செய்தாயா, உன் பதில் என்ன' என்று கேட்கிறது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடுகிறது. காரணம் எழுதித் தண்டிக்கிறது. ஆண்டுக்கணக்கில் சிறையில் போட்டாலும், தன் செயலுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவன் என்று அவனை ஏற்றுக்கொண்டுதான் அதைச் செய்கிறது. கையை உடைத்துப் படம் எடுத்துப் பரப்பும்போது அவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவன் உடம்பு மற்றவர்களுக்குக் காட்டும் எச்சரிக்கைப் பலகை ஆகிறது. ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1785இல் சொன்னது இதைத்தான்: விலை உள்ள பொருளுக்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம், மாண்பு உள்ளதற்கு ஈடு கிடையாது. மனிதரை வெறும் கருவியாக்கக்கூடாது. உங்கள் அம்மாவின் சங்கிலிக்கு விலை உண்டு, அதே எடையில் வேறு வாங்கலாம். அம்மாவின் கழுத்தைக் காயப்படுத்தியதற்கு அப்படி ஈடு கிடையாது. பறித்தவன் செய்த பெரிய குற்றம் அதுதான், அவரைச் சங்கிலி மாட்டியிருந்த ஒரு பொருளாகப் பார்த்தது. அவனை அதேபோல் பார்த்து அதைச் சரிசெய்ய முடியாது.

காண்ட் மென்மையானவர் அல்ல, கொலைக்கு மரண தண்டனை வேண்டும் என்றவர். ஆனால் தீயவனுக்கும் மனிதன் என்ற அளவில் உள்ள மதிப்பை முழுக்க மறுக்க முடியாது என்று அவரே எழுதினார். ஓரிடத்தில் அவரோடு நிற்க என்னால் முடிவதில்லை. பகுத்தறிந்து தனக்குத் தானே நெறி வகுத்துக்கொள்ளும் திறனில் அவர் மாண்பை வைத்தார். அப்படியானால் கைக்குழந்தை? மறதி நோயில் பிள்ளையின் பெயரே நினைவில்லாத கிழவி? திறனைப் பார்த்துக் கொடுத்தால் தகுதி வேறு வேடத்தில் திரும்ப வந்துவிடும். மனிதராகப் பிறந்தது போதும் என்பதே என் நிலை. இதற்கு மேல் ஒரு நிரூபணம் கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் வேறு எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு வெளியே நிற்கப்போவது பலமில்லாதவர்கள்தான் என்பது நிச்சயம்.

மாண்பு எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கைதும் சிறையும் உண்டு, தேவைப்பட்டால் விலங்கும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்கள், காவலிலிருந்து தப்பியவர்கள், கொலை, பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு போன்ற வழக்குகளில் பிடிபட்டவர்கள் என்று பட்டியலிட்டு, கைது செய்யும்போதும் நீதிமன்றத்தில் நிறுத்தும்போதும் விலங்கிட அனுமதிக்கிறது. எனக்கு இதில் கவலை உண்டு. 1980இல் கேட்ட கேள்வி 'இவன் ஓடுவானா'. இந்தப் பட்டியல் பெரும்பாலும் 'இவன் எப்படிப்பட்டவன்' என்று கேட்கிறது. அதுவும் தீர்ப்பு வருவதற்கு முன்பே.

மாவுக்கட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் விதித்தபடி, கைதானவர் கேட்டால் அப்போதே அவர் உடம்பைப் பரிசோதித்து, சின்னக் காயம், பெரிய காயம் எல்லாவற்றையும் ஒரு குறிப்பில் எழுதவேண்டும். அவரும் போலீஸும் கையெழுத்திட்டு, நகல் அவருக்குத் தரவேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாகவேண்டும். கைதின்போது காயமில்லை என்று அந்தக் குறிப்பு சொல்லி, ரிமாண்டுக்கு வரும்போது கை கட்டோடு இருந்தால், இடையில் நடந்ததற்குக் காவலில் வைத்திருந்தவர்தான் பதில் சொல்லவேண்டும். பல நேரம் அந்தக் குறிப்பே இருக்காது. இருந்தாலும், மாஜிஸ்திரேட் தலை நிமிர்ந்து 'கையில் என்ன?' என்று கேட்காவிட்டால் அது வெறும் தாள்.

அம்மாவின் விஷயத்தில் நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. அதன் நகலை இலவசமாகத் தரவேண்டும். வாங்கியிருக்காவிட்டால் வாங்கிவிடுங்கள். சங்கிலி மீட்கப்பட்டிருந்தால் வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நகையைப் படம் எடுத்து, விவரத்தைப் பதிவு செய்து, கேட்கும்போது கொண்டுவருவேன் என்று உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு மனு போடவேண்டும். அதற்கு உங்கள் உறவினர் ஃபோன் செய்யவேண்டியதில்லை.