இரண்டு நாள் லீவுக்கு ஏன் 1,800 ரூபாய் பிடித்தார்கள்?

கேள்வி: மண்டபத்தில் இறால் கம்பெனியில் வேலை, சம்பளம் 15,600. சனி, திங்கள் லீவு போட்டேன்; 1,800 பிடித்துவிட்டார்கள். ராமேஸ்வரம் லாட்ஜில் அதே சம்பளம் வாங்கும் தம்பிக்கு இரண்டு நாளுக்கு 1,040தான். ஏன்?

பதில்: தம்பியின் லாட்ஜில் மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுக்கிறார்கள், ஒரு நாளுக்கு 520. அங்கே வார விடுமுறைக்கும் சம்பளம் உண்டு என்று கணக்கு. உங்கள் கம்பெனி ஞாயிறுகளைக் கழித்து 26-ஆல் வகுக்கிறது. ஒரு நாளுக்கு 600. சில இடங்களில் அந்தந்த மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள், அதனால் பிப்ரவரியில் லீவு போட்டால் கூடுதலாகப் போகும்.

எதுவும் தப்பில்லை. ஆனால் 26-ஆல் வகுத்தால் ஞாயிறை லீவாக எண்ணக்கூடாது. உங்களுக்கு நடுவில் வந்த ஞாயிறையும் சேர்த்து மூன்று நாளாக்கியிருக்கிறார்கள். சரியான பிடித்தம் 1,200.

சரிபார்க்க ஒரு வழி: 30 நாள் மாதம் முழுக்க வராவிட்டால் அவர்கள் கணக்குப்படி 30 × 600 = 18,000 போகும். சம்பளமே 15,600தானே! 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் 9-ஆம் பிரிவும், வராத நாட்களின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது என்றுதான் சொன்னது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. சம்பளச் சீட்டில் லாஸ் ஆஃப் பே 3 என்று இருந்தால், அதைக் காட்டி ஹெச்.ஆரிடம் 600 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள்.