பார்த்தது நாற்காலி, படித்தது மேசை

கேள்வி: பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் படிப்பதில் சிக்கல். 'மாமா' என்று எழுதிக் காட்டினால் 'சித்தப்பா' என்கிறார். எழுத்தைப் படிக்க முடியாதவருக்கு அர்த்தம் மட்டும் எப்படித் தெரிகிறது? இது டீப் டிஸ்லெக்ஸியாவா, சர்ஃபேஸ் டிஸ்லெக்ஸியாவா?

பதில்: வேலூரில் பேச்சு, மொழிச் சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன். நீங்கள் சொல்லும் பிழை டீப் டிஸ்லெக்ஸியாவின் அடையாளப் பிழைதான். ஆனால் ஒரே பிழையை வைத்துப் பெயர் சூட்டுவதில்லை. எந்த வகைச் சொல்லில் பிழை வருகிறது, எதில் வருவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒருவர் மூளைப் பாதிப்புக்குப் பின் அந்தத் திறனை இழப்பதைப் பற்றியே இங்கே பேசுகிறேன். குழந்தைகளின் கற்றல் குறைபாடு வேறு விஷயம்.

பழகிய வாசகர் எழுத்திலிருந்து ஒலிக்குப் போக வழிகள் இரண்டு உண்டு என்பது இத்துறையில் நெடுநாளாக உள்ள கருத்து. ஒன்றில், சொல்லின் முழு வடிவமும் முன்பே அறிந்த சொல்லாக அடையாளம் காணப்பட்டு, அதன் பொருளும் அதற்குரிய ஒலியும் நினைவிலிருந்து எழுகின்றன. மற்றொன்றில், எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒலியாக மாற்றப்பட்டுக் கோக்கப்படுகின்றன; இதற்கு அந்தச் சொல்லை முன்பே அறிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்து கூட்டிப் படிப்பது என்று நாம் சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான். நலமாக இருப்பவரிடம் இரண்டும் சேர்ந்தே இயங்குவதால், எது எங்கே வேலை செய்கிறது என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஒன்று கெட்டு மற்றொன்று எஞ்சியிருக்கும்போதுதான் அவற்றின் எல்லை தெரிகிறது.

இந்தப் பிரிவினையை நோயாளிகளின் பிழைகளிலிருந்து முறையாக வாதிட்டவர்கள் ஜான் மார்ஷலும் ஃப்ரேடா நியூகோம்பும். இரண்டாம் உலகப் போரில் தலையில் காயமுற்ற ஒருவரை ஜி.ஆர். என்ற எழுத்துகளால் குறித்து 1966இல் எழுதினார்கள். 1973இல் வேறு சிலரையும் சேர்த்துப் பிழைகளை வகைப்படுத்தினார்கள். ஆங்கிலத்தில் இரவுச் சாப்பாட்டைக் குறிக்கும் சொல்லைக் காட்டினால், ஜி.ஆர். உணவு என்ற பொருளுள்ள வேறு சொல்லைச் சொன்னார். எழுத்திலோ ஒலியிலோ இரண்டுக்கும் ஒற்றுமை கிடையாது. மாறாக, அதே 1973 கட்டுரையில் ஜே.சி. என்று குறிக்கப்பட்டவர், கவனித்துக் கேட்பதைக் குறிக்கும் 'லிஸன்' என்ற ஆங்கிலச் சொல்லை 'லிஸ்டன்' என்று படித்தார். அதன் எழுத்துக்கூட்டில் உள்ள, ஒலிக்கக் கூடாத ஓர் எழுத்தையும் அவர் ஒலித்துவிட்டார். என்ன பொருள் என்று கேட்டபோது, அந்தக் காலத்தில் பெயர் பெற்றிருந்த லிஸ்டன் என்ற குத்துச்சண்டை வீரரைச் சொன்னார். ஜே.சி. முதலில் ஒலியை உருவாக்கினார், பிறகு தன் வாயிலிருந்து வந்த ஒலிக்கே பொருள் கண்டார். ஜி.ஆரிடம் பொருளின் வட்டாரம் கிடைத்தது, ஒலி தவறியது. ஜி.ஆரின் வகையை டீப் டிஸ்லெக்ஸியா என்றும் ஜே.சி.யின் வகையைச் சர்ஃபேஸ் டிஸ்லெக்ஸியா என்றும் சொல்கிறோம்.

இனி, என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதியவர், இடது மூளையில் பெரிய பக்கவாதம். அட்டையில் ஒரு சொல், படம் கிடையாது, வாக்கியம் கிடையாது. 'நாற்காலி' என்ற அட்டையைப் பார்த்து 'மேசை' என்றார். உடனே கையை ஆட்டி, 'இல்ல இல்ல, அது இல்ல' என்றார். 'மருந்து' அட்டைக்கு 'மாத்திரை' வந்தது. 'நீதி', 'தன்மை' போன்றவற்றுக்கு ஒன்றும் வரவில்லை. 'வீட்டுக்கு' என்பது 'வீடு' ஆனது. 'ஆனால்', 'அதனால்' ஆகிய இரண்டையும் தள்ளி வைத்துவிட்டார். பிறகு எந்தப் பொருளுமில்லாத, ஆனால் தமிழ் எழுத்துமுறைக்குப் பொருந்தும் 'தெம்பரி' என்ற கற்பனைச் சொல்லைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார், உதடு குவிந்தது, ஓர் எழுத்துகூட ஒலியாக வெளிவரவில்லை. எழுத்து கூட்டும் வழி அவரிடம் ஏறக்குறைய முழுவதும் அடைபட்டிருந்தது என்பதற்கு இந்தக் கற்பனைச் சொல்லே நேரடிச் சான்று, ஏனென்றால் முழுச்சொல்லாக அடையாளம் காணும் சொல்வழியால் இதைப் படிக்கவே முடியாது.

அதன் பின் செய்த சோதனைதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. 'நாற்காலி' என்ற அட்டையையே மறுபடி வைத்து, நாற்காலி, மேசை, கட்டில், குடை என நான்கு படங்களைக் காட்டி, எது என்று தொடச் சொன்னேன். தயக்கமின்றி நாற்காலியைத் தொட்டார். ஆக, அவர் சொல்லை அடையாளம் கண்டிருக்கிறார், பொருளும் சரியாகவே எழுந்திருக்கிறது. அந்தப் பொருளிலிருந்து உரிய ஒலிவடிவத்தை எடுக்கும் இடத்தில் பக்கத்து வீட்டுச் சொல் வந்து நின்றுவிட்டது. எல்லோருக்கும் இப்படி இருக்காது. சிலர் மேசைப் படத்தையே தொடுவார்கள், தாம் தவறியதையும் உணர மாட்டார்கள். அவர்களிடம் பழுது பொருள் கிடங்கிலேயே இருக்கிறது. உங்கள் தந்தையார் 'சித்தப்பா' என்றபின் முகம் சுளிக்கிறாரா, அமைதியாக அடுத்ததற்குப் போகிறாரா என்று கவனியுங்கள். குடும்பப் புகைப்படத்தில் மாமாவைக் காட்டினாலும் 'சித்தப்பா' என்றே சொன்னால், சிக்கல் படிப்பதில் மட்டும் இல்லை, பெயர் சொல்வதிலேயே இருக்கிறது.

பிழைகளை எண்ணும்போது ஒரு எச்சரிக்கை தேவை. 'காலை' என்பதை ஒருவர் 'மாலை' என்று படித்தால் அதைப் பொருட்பிழை என்று சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் பொருளில் அடுத்தடுத்தவை, எழுத்திலும் முதல் எழுத்துதான் வேறு. 'காலை'க்கு 'இரவு' என்று வந்தால் அது சான்று. மருந்துச் சீட்டு விஷயத்தில் இரண்டு பிழையும் ஒரே அளவு ஆபத்தானவை என்பதால், மாத்திரைப் பெட்டியில் எழுத்துக்குப் பதிலாகச் சூரியனையும் நிலாவையும் வரைந்து ஒட்டச் சொல்வது என் வழக்கம்.

சர்ஃபேஸ் டிஸ்லெக்ஸியாவைத் தமிழில் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் பொருந்தாத சொற்கள் ஏராளம், அவற்றில் அந்த நோயாளி உடனே சிக்கிக்கொள்வார். தமிழிலோ விதிப்படி எழுத்து கூட்டினாலே பெரும்பாலான சொற்கள் சரியாக வந்துவிடும். ஆகவே ஒருவருடைய சொல்வழி முற்றிலும் அழிந்திருந்தாலும், வீட்டார் கண்ணுக்கு அவர் கொஞ்சம் மெதுவாகப் படிப்பவராக மட்டுமே தெரியக்கூடும். நமக்குக் கைகொடுப்பது வல்லின எழுத்துகளின் இரட்டை ஒலி. சொல்லின் நடுவில் எந்த ஒலி வரும் என்பதை அக்கம்பக்கத்து எழுத்துகள் சொல்லிவிடும்: 'அம்பு' ஒருவிதம், 'அப்பு' வேறுவிதம். சொல்லின் தொடக்கத்தில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடும் நகரப் பேருந்தின் பலகையைப் பாருங்கள். 'காட்பாடி' விதிப்படியே வந்துவிடும். 'பாகாயம்' என்பதன் முதலெழுத்தை 'அம்பு' என்பதில் வரும் பகரம்போல அதிரவிட்டுச் சொல்ல வேண்டும் என்பது அந்த ஊர்ப்பெயரை அறிந்தவருக்கு மட்டுமே தெரியும். விதியை மட்டும் நம்பிப் படிப்பவர் 'பாலாறு' என்பதன் முதலெழுத்தைப் போலவே அதையும் ஒலித்துவிடுவார். பழம்–பயம், குளம்–குணம், தயிர்–தயவு என்ற இணைகளையும் இதற்காகவே வைத்திருக்கிறேன். ஆனால் பேச்சிலேயே இந்த வேறுபாடு இல்லாதவர்களும் உண்டு. எனவே முதலில் அச்சொற்களை அவர் பேசிக் கேட்டுவிட்டு, பேச்சில் சரியாகவும் படிப்பில் தவறாகவும் வருபவற்றை மட்டுமே எண்ண வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், இரண்டு வழிகள் என்ற படம் முழுமையானது என்று நினைத்துவிட வேண்டாம். மைர்னா ஷ்வார்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் விவரித்த டபிள்யூ.எல்.பி. என்ற மறதிநோயாளி, கழுதைப்புலிக்கான ஆங்கிலச் சொல்லைச் சரியாக ஒலித்துவிட்டு, அது என்ன என்று தெரியாமல் திகைத்தார். விதிக்கு அடங்காத சொற்களையும் அவரால் படிக்க முடிந்தது. விதியும் இல்லை, பொருளும் இல்லை என்றால், முழுச்சொல்லிலிருந்து ஒலிக்கு நேராகப் போகும் மூன்றாவது தடம் ஒன்று இருக்க வேண்டும் என்று வழிகளை நம்புபவர்கள் வாதிட்டார்கள். தனித்தனி வழிகளே கிடையாது, எழுத்து, ஒலி, பொருள் ஆகிய மூன்றுக்கும் இடையே பரவிய இணைப்புகளின் வலிமைதான் மாறுகிறது என்பது எதிர்த்தரப்பு. பொருளறிவு தேய்ந்துபோகும் மறதிநோயில் சர்ஃபேஸ் வகைப் பிழைகள் அடிக்கடி கூடவே வருவது அவர்களுக்குச் சாதகம். டீப் டிஸ்லெக்ஸியாவில் படிப்பது மூளையின் சேதமடைந்த இடது பாதியே இல்லை, வலது பாதியின் சொற்ப வாசிப்புத் திறன் என்று மேக்ஸ் கோல்ட்ஹார்ட் 1980இல் முன்வைத்த கருத்தும் உண்டு. அது சரியென்றால், இந்தப் பிழைகள் வழக்கமான வாசிப்பின் எஞ்சிய பகுதியைக் காட்டவே இல்லை என்றாகிவிடும். என் பார்வையில், கற்பனைச் சொல்லைப் படிப்பதும் தெரிந்த சொல்லைப் படிப்பதும் தனித்தனியே கெடக்கூடியவை என்பது உறுதி. அதற்கு அடியில் இருப்பது இரண்டு தடமா, ஒரே வலையா என்பது இன்னும் திறந்த வழக்கு.

எழுத்து கூட்டும் ஒலிவழி அடைபட்டதால்தான் பொருட்பிழை தலைகாட்டுகிறது என்ற விளக்கத்துக்குச் சிகிச்சையிலிருந்தும் ஆதரவு கிடைக்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த மாரி-பியர் டி பார்ட்ஸ் 1986இல் வெளியிட்ட முறையில், நோயாளி ஒவ்வோர் எழுத்துக்கும் தனக்குத் தவறாமல் வாயில் வரும் ஒரு சொல்லைத் துணையாக வைத்துக்கொண்டார். எழுத்தைப் பார்த்ததும் துணைச்சொல்லைச் சொல்லி, பிறகு அதன் முதல் ஒலியை மட்டும் பிரித்தெடுத்து, அவ்வாறே அடுத்தடுத்த எழுத்துகளுக்குப் போய், இறுதியில் கோக்க வேண்டும். இப்படி ஒலிவழி கொஞ்சம் திறந்ததும் அவருடைய வாசிப்புப் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. முதல் ஒலி 'நா' என்று கிடைத்துவிட்டால் 'மேசை'க்கு இடமில்லை, 'மா' கிடைத்துவிட்டால் 'சித்தப்பா'வுக்கு இடமில்லை. தமிழில் 'ப' என்ற எழுத்தே ஓர் அசையாக இருப்பதால் முதல் ஒலியைப் பிரிப்பது சற்று எளிது. ஆனால் உயிர்மெய் எழுத்துகள் 216 இருப்பதால் எல்லாவற்றுக்கும் துணைச்சொல் வைக்க முடியாது. பதினெட்டு அகர வரிசை உயிர்மெய்களில் தொடங்கி, கால், கொம்பு, கொக்கி ஆகிய குறிகளைப் பின்னர் சேர்ப்பதே நான் பின்பற்றும் முறை. உங்கள் தந்தையாருக்கு 'மா' என்ற எழுத்துக்குத் துணையாக 'மாமா'வை வைக்காதீர்கள். அவர் வாயில் ஒருபோதும் தவறாத வேறொரு சொல்லை, வீட்டில் அன்றாடம் அவரே சொல்லும் சொற்களிலிருந்து, அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.