சிவில் பக்கம் போகலாமா என்று கேட்கும் சட்ட மாணவிக்கு

காட்பாடி சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு முடிக்கப் போகிறீர்கள். சிவில் சீனியரிடம் சேர்ந்தால் பல ஆண்டுகள் வாய்தா வாங்குவதிலேயே போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் சிவில் வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பதை வாய்தாக்களை வைத்து முடிவு செய்யாதீர்கள், அம்மா. வாதி கொடுத்த ஒரு பிராதுக்குப் பிரதிவாதி தரப்பில் பதிலாக எதிருரை எழுதிப் பாருங்கள். அதற்குத் தோதாக, நம் ஊர்ப் பக்கத்துக் கணக்கு ஒன்றைக் கற்பனையாகச் சொல்கிறேன்.

ஆம்பூர்த் தோல் வியாபாரி ஒருவர், பேரணாம்பட்டில் ஷூ மேற்பாகம் தைக்கும் பட்டறைக்காரர் மீது 2,40,000 ரூபாய் கேட்டு வழக்குப் போடுகிறார். தோல் இறங்கிய நாள் 10.3.2023. வழக்குத் தாக்கலான நாள் 2.2.2026. பட்டறைக்காரருக்குச் சம்மன் கிடைத்தது 25.2.2026 அன்று.

பிராதின் 3ஆம் பத்தி, தோல் கொடுத்ததைச் சொல்கிறது. அது உண்மை, ஒப்புக்கொண்டுவிடுங்கள். உண்மையையும் மறுத்தால், அடுத்த பத்திக்கு நீங்கள் தரும் பதிலை நீதிபதி நம்பமாட்டார். 4ஆம் பத்தி, ‘பிரதிவாதி சரக்கைத் திருப்தியாக ஏற்றுக்கொண்டார்’ என்கிறது. இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். ‘இப்பத்தி முற்றிலும் பொய்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தால் போதாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8ஆம் கட்டளைப்படி, குறிப்பாக மறுக்காத சங்கதி ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். ‘14.3.2023 அன்று கட்டைப் பிரித்தபோது மேற்பூச்சு வெடித்திருந்தது. அன்றே வாட்ஸ்அப்பில் படத்தோடு வாதிக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதுங்கள். அந்தச் செய்தியின் நகலை எதிருரையோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். 5ஆம் பத்தி, ஆகஸ்ட் மாதம் 2,40,000 ரூபாய் தருவதாகப் பிரதிவாதி வாக்களித்தார் என்கிறது. ‘2,40,000 தருவதாகச் சொல்லவில்லை’ என்று மட்டும் மறுத்தால், குறைந்த தொகைக்கு வாக்களித்தீர்களா என்ற கேள்வி திறந்தே கிடக்கும். அந்தத் தொகையோ அதில் எந்தப் பகுதியோ தருவதாகச் சொல்லவில்லை என்று எழுத வேண்டும்.

இனி பட்டறைக்காரரின் சொந்தக் கணக்குக்கு வருவோம். இதே வியாபாரிக்கு முன்பு கூலிக்குத் தைத்துக் கொடுத்ததில் 70,000 ரூபாய் பாக்கி. வேலை முடிந்தது 20.2.2023. வெடித்த தோலால் ஆர்டர் ரத்தானதில் 1,50,000 ரூபாய் நஷ்டம். இரண்டையும் ஒரே தலைப்பில் கொட்டிவிடக் கூடாது. கூலி பாக்கி, பில் போட்டு நிச்சயமான தொகை. அதை வாதி கேட்கும் பணத்திலேயே நேர்செய்யக் கோரலாம்; இதுதான் எதிரீடு. நஷ்டமோ நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய தொகை. அதற்கு எதிர்க்கோரிக்கைதான் வழி. அதை ஒரு தனிப் பிராதாகவே நீதிமன்றம் நடத்தும். நாளை வாதி தன் வழக்கைத் திரும்பப் பெற்றாலும் எதிர்க்கோரிக்கை நிற்கும்.

இரண்டுக்கும் காலக்கெடு மூன்று ஆண்டு. கூலி பாக்கிக்கு அது 20.2.2026 அன்றே முடிந்துவிட்டது. சம்மன் வந்ததோ அதற்குப் பிறகு. இருந்தும் கேட்க முடியும். காலவரையறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, எதிரீட்டை வாதியின் வழக்குத் தாக்கலான நாளிலேயே போட்டதாகக் கணக்கிடுகிறது. 2.2.2026 அன்று அந்தப் பாக்கி உயிரோடுதான் இருந்தது. அதையே எதிர்க்கோரிக்கை என்று எழுதினால் 70,000 ரூபாயும் போய்விடும், ஏனென்றால் எதிர்க்கோரிக்கைக்கு அதை நீதிமன்றத்தில் வைக்கும் நாளே கணக்கு. இதே காரணத்தால்தான் நஷ்டக் கோரிக்கை, தோல் இறங்கி மூன்று ஆண்டு முடியும் 10.3.2026க்குள் உள்ளே போயாக வேண்டும். எதிருரைக்கு 30 நாள் இருக்கிறது, 27.3.2026 வரை அவகாசம் என்று நினைத்து உட்கார்ந்திருந்தால் அது காலாவதியாகிவிடும். எஞ்சுவது, குறைபாட்டைக் காட்டித் தோலின் விலையைக் குறைக்கக் கேட்கும் எதிர்வாதம் மட்டுமே.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். கூலி பாக்கி பட்டறைக்காரரின் பெயரிலா, அவரும் தம்பியும் சேர்ந்த கூட்டு நிறுவனத்தின் பெயரிலா? வழக்கு அவர் மீது தனிநபராக இருந்து, பாக்கி நிறுவனத்துக்கு உரியது என்றால் எதிரீடு நிற்காது. பில் புத்தகத்தை வாங்கி, மேலே யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். கட்சிக்காரர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். எதிரீடு, எதிர்க்கோரிக்கை இரண்டுக்கும் பிராதுக்குப் போலவே நீதிமன்றக் கட்டணம் உண்டு என்பதையும் அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் சிவில் நடத்தும் வழக்கறிஞர் யாரிடமாவது, முடிந்துபோன பணவழக்குக் கட்டு ஒன்றைப் படிக்கக் கேளுங்கள். எதிருரையைப் பிரிக்காமல் பிராதை மட்டும் படித்துவிட்டு, தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, உங்கள் பதிலைப் பத்தி பத்தியாக எழுதுங்கள். பிறகு அசலோடு ஒப்பிடுங்கள். அந்தத் தேதித்தாளில் உங்களுக்கு ஆர்வம் பிறந்தால் சிவில் சீனியரிடம் தாராளமாகச் சேரலாம். இரண்டு மூன்று கட்டு பார்த்தும் அது சுமையாகவே இருந்தால் வேறு பிரிவைப் பற்றிப் பேசுவோம். எழுதியதை எடுத்துக்கொண்டு வீட்டாரையும் அழைத்து வாருங்கள்.